மூன்று சென்ட் மனைக்குப் பதினொரு பிளாக்: கணினி விளையாட்டில் ஒரு கடலோரக் கிராமம் அமைத்து அளவைகள் கற்பிப்பது எப்படி

எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பரப்பளவு, சுற்றளவு, கன அளவு மூன்றையும் ஒரே கட்டுமான விளையாட்டில் வைத்துச் சொல்லித்தர இந்த வழிகாட்டி. கடலூர் கடற்கரையை ஒட்டிய, தாழங்குடா, தேவனாம்பட்டினம் பக்கம் போன்ற ஒரு தரையில், நூறு மீட்டருக்கு நூறு மீட்டர் இடத்தில், 16 மனையும் இரண்டு தெருவும் ஒரு குளமும் கொண்ட குடியிருப்பை மாணவர்கள் அமைப்பார்கள். இரண்டு பேருக்கு ஒரு மனை என்று 32 பேர் வகுப்புக்குக் கணக்கு போடப்பட்டிருக்கிறது. தயாரிப்பு நீங்கலாக ஆறு பீரியட் ஆகும்.

எந்த விளையாட்டு என்பதை முதலில் முடித்துவிடலாம். மைன்கிராஃப்ட் பிள்ளைகளுக்குப் பழக்கமானதுதான். ஆனால் உரிமம், கணக்கு, இணையம் மூன்றும் வேண்டும். பள்ளி ஆய்வகத்துக்கு `Luanti` பொருத்தம். 2010-இல் மைன்டெஸ்ட் என்ற பெயரில் தொடங்கி, 2024-இல் லுவாண்டி என்று பெயர் மாறிய கட்டற்ற மென்பொருள் இது. காசு கிடையாது, ஒருமுறை நிறுவிவிட்டால் இணையமும் வேண்டாம். இதில் ஒரு பிளாக்கின் ஒவ்வொரு பக்கமும் ஒரு மீட்டர் என்று வைத்துக்கொள்வதுதான் வழக்கம். நம் பாடம் முழுதும் அந்த ஒரு மீட்டரின் மேல்தான் நிற்கிறது.

மூன்று சென்ட்டை ஏன் எடுத்தோம்

ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி, அதாவது 40.47 சதுர மீட்டர். முழு மீட்டர் பிளாக்கை மட்டும் வைத்து ஒரு சென்ட்டைச் சதுரமாகப் போட முடியாது. ஆனால் மூன்று சென்ட் 121.41 சதுர மீட்டர். பதினொன்றைப் பதினொன்றால் பெருக்கினால் 121. அரை சதுர மீட்டருக்கும் குறைவான வித்தியாசத்தில் இப்படி ஒரு முழு எண் சதுரம் எல்லா அளவுக்கும் அமையாது. "மூணு சென்ட் பட்டா" என்ற சொல்லை வீட்டில் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு அது எவ்வளவு இடம் என்று கண்ணால் தெரியாது. இங்கே அதன் மேல் நடந்து பார்க்கும்.

மொத்த இடம் நூறுக்கு நூறு, 10,000 சதுர மீட்டர், அதாவது ஒரு ஹெக்டேர். சென்ட்டில் சொன்னால் 247.

கணினிக்கு முன் ஒரு பீரியட் மைதானத்தில்

இதைத் தவிர்க்க வேண்டாம். விளையாட்டுக்குள் எல்லா மூலையும் தானாகவே செங்கோணமாக இருக்கும். அதனால் செங்கோணத்தை அது கற்பிக்காது, இலவசமாகக் கொடுத்துவிடும். மைதானத்தில் அப்படி இல்லை. நான்கு முளைக்குச்சி, 44 மீட்டருக்குச் சற்று அதிகமான கயிறு, கொஞ்சம் சுண்ணாம்புத் தூள் எடுத்துக்கொண்டு 11 மீட்டர் சதுரம் போடச் சொல்லுங்கள். கண் மட்டத்தில் போட்டால் சதுரம் சாய்ந்து சாய்சதுரமாகிவிடும். ஒரு மூலையிலிருந்து ஒரு பக்கம் 3 மீட்டரிலும் மறு பக்கம் 4 மீட்டரிலும் குறி வைத்து, இரண்டு குறிக்கும் நடுவே சரியாக 5 மீட்டர் வரும்வரை கயிற்றை நகர்த்தினால் மூலை நேராகும். கொத்தனார்கள் மூலைமட்டம் பார்க்கும் அதே வழிதான்.

முடிந்ததும் மூலைக்கு மூலை அளந்து நோட்டில் எழுதச் சொல்லுங்கள். 15.5 மீட்டருக்குப் பக்கத்தில் வரும். அந்த எண் பின்னால் தேவைப்படும்.

ஆய்வகத்தைத் தயார் செய்தல்

நான்கு ஜிபி ராம் உள்ள, தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத கணினி போதும். ஒரே சர்வரில் ஓடி, திரை மட்டும் தனித்தனியாக இருக்கும் தின் கிளையன்ட் ஆய்வகமாக இருந்தால், முப்பரிமாணப் படத்தின் முழுப் பாரமும் அந்த ஒரு சர்வர் தலையில் விழுந்து எல்லாத் திரையும் திணறும். அங்கே இரண்டு மூன்று மடிக்கணினிகளை வைத்துக் குழுக்களைச் சுழற்சியில் உட்கார வைப்பதுதான் வழி.

புதிதாக நிறுவுகிறவர்கள் முதலில் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. இப்போதைய பதிப்புகளில் லுவாண்டி என்பது வெறும் எஞ்சின். உள்ளே விளையாட்டு இருக்காது. `Content` பக்கத்துக்குப் போய் `Minetest Game` என்பதைத் தேடி இறக்க வேண்டும். கூடவே `WorldEdit`, `Areas` என்ற இரண்டு மாட்களையும், அதாவது கூடுதல் நிரல்களையும், இறக்குங்கள். இவற்றை இணையம் உள்ள ஒரு கணினியில் இறக்கி, `games`, `mods` என்ற இரண்டு கோப்புறைகளையும் பென் டிரைவில் எடுத்து ஆசிரியர் கணினிக்குக் கொண்டுவரலாம். கோப்புறை எங்கே இருக்கிறது என்று தேட வேண்டாம். `About` பக்கத்தில் `Open User Data Directory` என்ற பொத்தான் அங்கேயே கொண்டுபோய் விடும். மாணவர் கணினிகளுக்கு எஞ்சின் மட்டும் இருந்தால் போதும். மற்றது ஆசிரியர் கணினியிலிருந்து தானாக வரும்.

அடுத்து ஆசிரியர் கணினியின் `minetest.conf` கோப்பில் இவற்றைச் சேருங்கள். பெயர் மாறினாலும் இந்தக் கோப்பின் பெயர் பழையபடியே இருக்கிறது.

```
creative_mode = true
enable_damage = false
enable_tnt = false
enable_fire = false
time_speed = 0
static_spawnpoint = 47,10,50
default_privs = interact, fly, fast
```

`time_speed = 0` இல்லாவிட்டால் இருபது நிமிடத்தில் ஒரு முழு நாள் ஓடி, பீரியட் நடுவே இருட்டிவிடும். கடைசி வரியில் `shout` இல்லாததைக் கவனியுங்கள். அதைச் சேர்த்தால் அரட்டைப் பெட்டி திறந்துவிடும், பிறகு மனையை யார் பார்ப்பார்கள்?

இனி உலகத்தை உருவாக்கலாம். `New` அழுத்தி, `Mapgen` என்ற இடத்தில் `flat` தேர்ந்தெடுங்கள். மரங்கள் வேண்டாமென்றால் அதே பெட்டியில் `Decorations` குறியை எடுத்துவிடுங்கள். இதை இப்போதே செய்தாக வேண்டும். நில அமைப்பு உலகம் பிறக்கும்போதே பதிவாகிவிடும், பிறகு மாற்றினால் பிடிக்காது. `Select Mods` பக்கத்தில் இரண்டு மாட்களையும் இயக்கி, `Host Server` குறியிட்டு, `Announce Server` குறியை எடுத்துவிட்டுத் தொடங்குங்கள். உள்ளே போனதும் அரட்டைப் பெட்டியில் தட்ட வேண்டியவை:

```
/grantme all
/time 12:00
```

மாணவர்கள் `Join Game` பக்கத்தில் ஆசிரியர் கணினியின் ஐபி முகவரியையும் `30000` என்ற போர்ட்டையும் கொடுத்து வர வேண்டும். முதல் முறை `Register`, அடுத்த முறையிலிருந்து `Login`. பெயரை ஆங்கில எழுத்திலும் எண்ணிலும் கொடுங்கள், தமிழ் எழுத்தை ஏற்காது. `kuzhu01` முதல் `kuzhu16` வரை நீங்களே கொடுத்துவிடுங்கள். கடவுச்சொல்லை ஒரு தாளில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், திங்கட்கிழமை பாதிப் பேருக்கு மறந்திருக்கும்.

`Connection timed out` என்று வந்தால் பத்தில் எட்டு முறை காரணம் ஆசிரியர் கணினியின் ஃபயர்வால். விண்டோஸ் முதல்முறை அனுமதி கேட்கும்போது அவசரத்தில் `Cancel` தட்டியிருப்போம். யுடிபி 30000 போர்ட்டைத் திறந்துவிட்டால் சரியாகும். ஒரே ஒரு கணினி மட்டும் வரவில்லை என்றால் அது வேறு வைஃபையில் இருக்கிறதா என்று பாருங்கள்.

கிழக்கு எது

முதல் கணினி பீரியட் வெறும் நடை. `F5` தட்டினால் திரையின் மேலே மூன்று எண்கள் வரும்: x, y, z. y என்பது உயரம். x கூடினால் கிழக்கு, z கூடினால் வடக்கு. ஆகவே நம் ஊரில் x கூடும் பக்கம்தான் கடல். (மைன்கிராஃப்டில் z கூடினால் தெற்கு. அதில் விளையாடிப் பழகிய பிள்ளை நிச்சயம் சண்டைக்கு வரும்.)

எண்கள் 46.7 என்பது போலப் பின்னத்தில் வரும். ஒரு பிளாக்கின் எண் அதன் நடுப்புள்ளியைக் குறிக்கிறது. 46.5 முதல் 47.5 வரை எங்கே நின்றாலும் நிற்பது 47-ஆம் பிளாக்கின் மேல்தான். தரையின் மேல் பிளாக் y = 8. அதன் மேல் நிற்கும்போது திரை 8.5 காட்டும். இதை முதல் நாளே சொல்லிவிட்டால் பிறகு நூறு கேள்வி மிச்சம்.

"(10, 60) போய் நில்லு", "அங்கிருந்து கிழக்கே 34 நட, எங்கே இருக்கே சொல்லு" என்று பத்து நிமிடம் ஆட்டம் காட்டினாலே வரைபடத் தாளில் புள்ளி குறிக்கும் பாடம் காலுக்குள் இறங்கிவிடும்.

தெருவும் மனையும்

வரைவு இதுதான். x, z இரண்டும் 0 முதல் 99 வரை. கிழக்கு மேற்காக ஒரு தெரு, z = 47 முதல் 52 வரை, ஆறு மீட்டர் அகலம். அதாவது இருபதடித் தெருவுக்குக் கொஞ்சம் குறைவு. வடக்கு தெற்காக இன்னொன்று, x = 44 முதல் 49 வரை. மனைகள் முதல் தெருவின் இரு பக்கமும். x வரிசையில் 0–10, 11–21, 22–32, 33–43, தெருவைத் தாண்டி 50–60, 61–71, 72–82, 83–93. வடக்கு வரிசைக்கு z = 53–63, தெற்கு வரிசைக்கு z = 36–46. கிழக்கே x = 94 முதல் 99 வரை மிஞ்சும் ஆறு மீட்டர் பட்டை வாய்க்காலுக்கு.

தெருவை ஆசிரியர் போட்டுக் காட்டலாம். ஆனால் ஆயங்களை மாணவர்தான் சொல்ல வேண்டும். முதலில் இடம் முழுதும் ஒருமுறை பறந்து வாருங்கள் (`K` விசை). பார்க்காத நிலம் இன்னும் உருவாகியிருக்காது, அங்கே கட்டளை சரியாக வேலை செய்யாது.

```
//fixedpos set1 0 8 47
//fixedpos set2 99 8 52
//volume
//set default:cobble
```

இங்கே ஒரு பொறி இருக்கிறது, வேண்டுமென்றே விடுங்கள். "தெரு எவ்வளவு நீளம்?" என்றால் நூறு என்பார்கள். "எங்கே தொடங்குது?" பூஜ்யம். "எங்கே முடியுது?" பெரும்பாலோர் "நூறு, சார்" என்பார்கள். அப்படியே தட்டுங்கள். `//volume` 600 காட்ட வேண்டிய இடத்தில் 606 காட்டும். அந்த ஆறு எங்கிருந்து வந்தது என்று அவர்களே கண்டுபிடிக்கட்டும். பூஜ்யத்தையும் சேர்த்து எண்ணினால் 0 முதல் 100 வரை 101 பிளாக். வேலிக்கல் கணக்கில் ஒரு கல் கூடுவது போல.

இரண்டாம் தெருவும் 600. இரண்டும் சேர்ந்து 1200 என்று எழுதுகிறவரைத் தடுக்க வேண்டாம். வெட்டும் இடத்தில் ஆறுக்கு ஆறு 36 பிளாக் இரண்டு முறை எண்ணப்பட்டிருக்கிறது. மேலே பறந்து போய்ப் பார்த்ததும் 1164 என்று திருத்துவார்கள். கணங்களின் வெட்டு பற்றி நீங்கள் ஒரு வார்த்தையும் பேச வேண்டியிருக்காது.

இனி மனைக்குப் பூட்டு. முதலில் ஊர் முழுவதையும் உங்கள் பெயரில் எழுதிக்கொண்டு, பிறகு ஒவ்வொரு மனையையும் அந்தந்தக் குழுவுக்குப் பிரித்துக் கொடுங்கள். முதல் மனைக்கு:

```
/area_pos1 0,5,53
/area_pos2 10,30,63
/set_owner kuzhu01 manai01
```

குழு ஒருமுறையாவது உள்ளே வந்திருந்தால்தான் அந்தப் பெயருக்கு எழுத முடியும். இந்தப் பூட்டு இல்லாவிட்டால் இரண்டாவது பீரியடிலேயே அடுத்தவர் சுவரை உடைக்கும் வழக்கு வந்துவிடும். பூட்டினால் தெருவில் படிக்கட்டு நீட்டும் வேலையும் நடக்காது. நிஜ ஊரில் கிடைக்காத வசதி.

நாற்பதா, நாற்பத்துநாலா

இந்தப் பாடத்தில் அதிக நேரம் கொடுக்க வேண்டிய இடம் இது. ஒவ்வொரு குழுவும் தன் மனை எல்லையில் ஒரு வரிசை பிளாக் வைத்துக் கோட்டை கட்டட்டும். பிறகு இரண்டு கேள்வி: எத்தனை பிளாக் வைத்தாய்? மனையின் சுற்றளவு என்ன?

சுற்றளவு 4 × 11 = 44 மீட்டர் என்று சூத்திரம் சொல்லும். எண்ணிப் பார்த்தால் 40 பிளாக்தான் இருக்கும். பாதி வகுப்பு தான் தப்பாக எண்ணிவிட்டோம் என்று மறுபடி எண்ணும். இன்னும் சிலர் நான்கு பிளாக் கூட வைத்து 44 ஆக்கப் பார்ப்பார்கள்.

இரண்டும் சரி. அளக்கும் பொருள்தான் வேறு. சுற்றளவு என்பது வெளி விளிம்பின் நீளம். மூலை பிளாக்குக்கு இரண்டு வெளி முகம் உண்டு, அதனால் அது விளிம்பில் இரண்டு மீட்டர் கொடுக்கிறது. ஆனால் பிளாக்காக எண்ணும்போது ஒன்றுதான். நான்கு மூலைக்கு நான்கு மீட்டர் வித்தியாசம். மாணவரை மனைக்கு வெளியே நடக்கச் சொல்லி முகங்களை எண்ண வைத்தால் 44 வரும். மேலே நின்று பிளாக்கை எண்ணினால் 40. மதிற்சுவர் கட்ட எத்தனை கல் என்ற கணக்கும், வேலிக்கு எத்தனை மீட்டர் கம்பி என்ற கணக்கும் ஏன் வேறு வேறு என்பது இங்கே பிடிபடும்.

உடனே மூலைவிட்டத்துக்குப் போகலாம். மனையின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலை வரை சாய்வாக நிற வுல் பிளாக் வையுங்கள். பதினொன்று போதும். அப்படியானால் மூலைவிட்டம் 11 மீட்டரா, பக்கமும் 11 மீட்டரா? மைதானத்தில் அளந்த எண்ணை நோட்டில் பார்க்கச் சொல்லுங்கள், 15.5. விளையாட்டு பொய் சொல்கிறதா? இல்லை. சாய்வாக வைத்த பிளாக்குகள் முனைக்கு முனைதான் தொடுகின்றன, ஒவ்வொன்றும் அதன் பக்கத்தால் இல்லாமல் மூலைவிட்டத்தால் நீள்கிறது. ஒரு பிளாக்கின் மூலைவிட்டம் 1.414 மீட்டர், பதினொன்றுக்கு 15.56. பிதாகரஸ் தேற்றம் ஏன் வேண்டும் என்பதற்கு இதைவிடக் கையோடு கிடைக்கும் சாட்சி வேறு இல்லை.

வட்டம், சாய்கூரை, முக்கோணம் இவற்றை இந்த விளையாட்டில் கற்பிக்க வேண்டாம் என்பதே நம் கருத்து. எல்லாம் படிக்கட்டாக வரும். வட்டத்தின் சுற்றளவைப் பிளாக் எண்ணிப் பார்த்தால் வரும் எண்ணுக்கும் π-க்கும் சம்பந்தம் இருக்காது. அதற்குக் காம்பஸ் போதும்.

குளமும் தோண்டிய மண்ணும்

ஐப்பசி, கார்த்திகையில் ஒரே நாளில் 10 செ.மீ. மழை கடலூருக்குப் புதிதல்ல. அது நம் ஒரு ஹெக்டேரில் கொட்டினால் எவ்வளவு தண்ணீர்? 100 × 100 × 0.1 = 1000 கன மீட்டர். பத்து லட்சம் லிட்டர். ஒரு கன மீட்டர் ஒரு பிளாக் என்பதால் ஆயிரம் பிளாக் தண்ணீர். இதைச் சொன்னதும் எண்ணுக்கு உருவம் வந்துவிடும். நிஜத்தில் ஒரு பகுதி மணலில் இறங்கிவிடும், எல்லாம் குளத்துக்கு வராது. ஆனாலும் முழுதையும் தாங்கும் குளம் எவ்வளவு பெரிது என்று பார்ப்போம்.

மாணவர்கள் முதலில் சொல்வது 25 × 20 × 2, சரியாக ஆயிரம். கரை செங்குத்தாக இருக்கிறதே, மாடு எப்படி இறங்கும், மணல் கரை நிற்குமா என்று கேளுங்கள். ஒவ்வொரு அடுக்கிலும் நான்கு பக்கமும் ஒரு பிளாக் உள்ளே தள்ளச் சொல்லுங்கள். மேல் அடுக்கு 25 × 20 = 500. அடுத்தது 23 × 18 = 414. கூட்டினால் 914. படி வைத்ததால் 86,000 லிட்டர் குறைந்துவிட்டது. மூன்றாம் அடுக்கு 21 × 16 = 336 சேர்த்தால் 1250. போதும். இன்னும் ஆழம் போகலாமே என்பார்கள். கடலுக்குப் பக்கத்தில் ஆழம் கூடக் கூட உப்புத் தண்ணீர் ஏறும் ஆபத்து இருப்பதால் மூன்றோடு நிற்கலாம்.

ஒரு குழு ஒரு அடுக்கின் ஆயங்களைத் தாளில் எழுதித் தரட்டும், நீங்கள் அப்படியே தட்டுங்கள். அவர்கள் எழுத்தில் பிழை இருந்தால் குளத்தில் தெரியும்.

```
//fixedpos set1 60 8 8
//fixedpos set2 84 8 27
//set air
```

அடுத்த அடுக்குக்கு 61, 7, 9 முதல் 83, 7, 26 வரை. மூன்றாவதற்கு 62, 6, 10 முதல் 82, 6, 25 வரை.

தோண்டிய 1250 கன மீட்டர் மண் எங்கே? விளையாட்டில் `//set air` என்றதும் காற்றில் மறைந்துவிடும். இந்த இடத்தில் ஆசிரியர்தான் நிறுத்த வேண்டும். நிஜத்தில் அது லாரி லாரியாக நிற்கும். 16 மனையும் சேர்ந்து 1936 சதுர மீட்டர். 1250-ஐ 1936-ஆல் வகுத்தால் 0.65. அதாவது குளத்து மண்ணை மனைகளில் பரப்பினால் எல்லா மனையும் தெருவைவிட அரை மீட்டருக்கு மேல் உயரும். குளம் தோண்டுவதும் மனை உயர்த்துவதும் ஒரே வேலை என்பதை வகுப்பு இந்த ஒரு வகுத்தலில் பார்க்கிறது.

முழு பிளாக் வைத்தால் ஒரு மீட்டர், மண் பற்றாது. அதனால் அரை உயரப் பலகை வைக்கிறோம். முதல் மனைக்கு:

```
//fixedpos set1 0 9 53
//fixedpos set2 10 9 63
//set stairs:slab_sandstone
```

எல்லைக் கோட்டையை முன்பே y = 9-இல் வைத்திருந்தால் அது இதில் அழிந்துபோகும். எடுத்துவிட்டு, பலகை போட்ட பிறகு மேலே கட்டுங்கள். இன்னொன்று: `//volume` இங்கே 121 என்றுதான் காட்டும். அது இடங்களை எண்ணுகிறது, மண்ணை அல்ல. ஒவ்வொரு பலகையும் அரை கன மீட்டர் என்பதால் உண்மையில் போனது 60.5. பதினாறு மனைக்கு 968. மிச்சம் 282 கன மீட்டரைக் குளக்கரைக்கு வைத்துக்கொள்ளலாம்.

தண்ணீரை நம்பாதீர்கள்

குளம் வந்ததும் எல்லோரும் வாளியைத் தேடுவார்கள். அதற்கு முன் இதன் தண்ணீர் எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு ஊற்று பிளாக்கிலிருந்து சமதளத்தில் சில பிளாக் தூரம் ஓடி நின்றுவிடும். நடுவில் ஒரு பிளாக் பள்ளம் வந்தால் அங்கிருந்து மறுபடி கொஞ்ச தூரம். ஊற்று தீர்வதும் இல்லை, இரண்டு ஊற்றுக்கு நடுவே புது ஊற்று பிறக்கும்.

இதை வைத்து வாய்க்கால் சரிவைச் சோதித்தால் பாடம் தப்பாகிவிடும். நூறு மீட்டர் வாய்க்காலில் தண்ணீர் ஓட வேண்டுமானால் சில பிளாக்குக்கு ஒருமுறை ஒரு மீட்டர் இறக்க வேண்டும், கடைசியில் பத்து மீட்டருக்கும் மேல் ஆழம். கடலூர்க் கரையில் நூறு மீட்டருக்கு அரை மீட்டர் சரிவு கிடைத்தாலே அதிர்ஷ்டம். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கரையைக் கடந்த நாளையும் 2015 வெள்ளத்தையும் பார்த்த வீடுகளுக்கு இங்கே தண்ணீர் எவ்வளவு மெதுவாக வடியும் என்று தெரியும். அரை மீட்டர் சரிவை ஒரு மீட்டர் பிளாக்கில் காட்டவே முடியாது.

அதனால் வாய்க்காலைக் கீழ் நோக்கி வெட்டாமல், x = 94 முதல் 99 வரை நீல வுல் பிளாக்கால் குறித்து, சரிவைத் தாளில் வரையுங்கள். குறுக்காக 1 செ.மீ. என்பது 10 மீட்டர், உயரத்தில் 1 செ.மீ. என்பது 10 செ.மீ. இரண்டு அச்சுக்கும் இரண்டு அளவுகோல். வரைபடத்தில் மேடு ஏன் மிகையாகத் தெரிகிறது என்ற பேச்சு தானாக வரும்.

தண்ணீர் ஊற்றுவதைக் கடைசி நாளுக்கு வையுங்கள். அதற்குள் யாராவது தன் மனைக்குள் வாளியைக் கவிழ்த்து ஊரை நனைத்திருந்தால், ஊர் முழுவதையும் தேர்வு செய்து (y = 5 முதல் 20 வரை போதும்) இதைத் தட்டுங்கள். பெரிய இடம் என்பதால் உறுதி கேட்கும், `//y` என்று பதில் கொடுக்க வேண்டும்.

```
//replace default:water_source air
```

ஊற்று போனால் ஓடிய தண்ணீர் தானே வற்றிவிடும். ஒவ்வொரு பீரியட் முடிவிலும் உலகத்தை மூடிவிட்டு `worlds` கோப்புறையில் நம் உலகத்தை நகலெடுத்துத் தேதி போட்டு வையுங்கள். நகல் இல்லாமல் திரும்பப் பெறுவது கடினம்.

மதிப்பெண் எதற்கு

அழகான வீட்டுக்குக் கொடுக்க வேண்டாம். கொடுத்தால் வீட்டில் கணினி உள்ள பிள்ளைகளே வாங்கிப் போவார்கள். ஒவ்வொரு குழுவும் ஒரு பக்கம் எழுதித் தரட்டும்: மனையின் நான்கு மூலை ஆயங்கள், பரப்பு, சுற்றளவு, மூலைவிட்டம், சுவருக்கு வைத்த பிளாக் எண்ணிக்கை, வீடு மனையில் எத்தனை சதவீதம். பக்கத்துக் குழு விளையாட்டுக்குள் போய் அந்த எண்களைச் சரிபார்க்கட்டும். அறிவிப்புப் பலகைகளில் எண் மட்டும் எழுதச் சொல்லுங்கள், தமிழ் எழுத்தின் கொம்பும் காலும் இந்த விளையாட்டில் ஒழுங்காகச் சேர்வதில்லை.

ஒரு பீரியட் மிஞ்சினால் குழியைப் பிடியுங்கள். கடலூர், புதுச்சேரிப் பக்கத்து வீடுகளில் நிலத்தைக் குழியிலும் காணியிலும்தான் பேசுவார்கள். இங்கே வழங்கும் குழி 24 அடிக்கு 24 அடி, 576 சதுர அடி. நூறு குழி ஒரு காணி. (வேறு மாவட்டத்தில் 144 சதுர அடியையும் குழி என்பார்கள், பாட்டி சொன்ன கணக்கும் மாமா சொன்ன கணக்கும் முட்டினால் காரணம் இதுதான்.) 24 அடி 7.3152 மீட்டர். பிளாக்கில் ஏழுதான் போட முடியும், 49 சதுர மீட்டர். உண்மைக் குழி 53.5. ஒரு குழியில் நாலரை சதுர மீட்டர்தானே என்று விட்டுவிட்டு, நூறு குழி அடுக்கிக் காணி ஆக்கச் சொல்லுங்கள். 5351 இருக்க வேண்டிய இடத்தில் 4900 இருக்கும். தொலைந்த 451 சதுர மீட்டரில் எத்தனை மூன்று சென்ட் மனை அடங்கும் என்று கேட்டால், மூன்று முழு மனை போக இன்னொன்றில் முக்கால் பாகம் கிட்டத்தட்ட வரும்.